ஐந்தரை மணிக்கு யார் வாறது?

எங்கட லாப்பில இருக்கிற பிரிட்ஜ் கதவில ஒரு தாள் ஒட்டியிருக்கும். அதுதான் ரோஸ்டர். யாருக்கு எப்ப டியூட்டி, யாருக்கு லீவு எல்லாம் அதிலதான். நான் வேலைக்குச் சேர்ந்து மூன்றாவது வருசம், ரோஸ்டர் போடுகிற பொறுப்பு என்னட்ட வந்தது. பதவி உயர்வு எண்டு நினைச்சுப் போடாதேங்கோ. அதுவரைக்கும் போட்டுக்கொண்டிருந்த சீனியர் அக்கா, "இனி என்னால எல்லாற்ற பேச்சும் வாங்க ஏலாது தங்கச்சி, நீ போடு" எண்டு பென்சிலைத் தந்திட்டா. அவ்வளவுதான்.

நான் யாழ்ப்பாணத்தில ஒரு தனியார் ஆஸ்பத்திரியின் ஆய்வுகூடத்தில வேலை செய்கிறேன். எம்.எல்.டி ஆறு பேர், இரத்தம் எடுக்கிறதுக்கு இரண்டு பேர், பதிவு மேசையில ஒருத்தர். வெளியில இருந்து பார்க்கிற ஆக்களுக்கு லாப் என்றால் மெஷின். மெஷின் நல்லதென்றால் ரிப்போட் கெதியா வரும், பழசென்றால் பிந்தும். நானும் அப்படித்தான் நினைச்சுக்கொண்டிருந்தேன். ஒரு ஐயாவின்ர பொட்டாசியம் ரிப்போட்தான் அந்த நினைப்பைக் குழப்பினது.

அந்த ஐயாவுக்கு அன்றைக்கு ஹேர்னியா ஒப்பரேஷன். முதல் நாள் இரவில இருந்து சாப்பாடு இல்லை. காலமை எடுத்த இரத்தத்தில பொட்டாசியம் 5.7 எண்டு வந்தது. வழமையா 5.1க்குள்ள இருக்கவேணும். கூடின பொட்டாசியம் இதயத்தின் துடிப்பைக் குழப்பக்கூடியது, அதால மயக்க மருந்து குடுக்கிற டொக்டர் ஒப்பரேஷனை நிற்பாட்டிப் போட்டார். மத்தியானம் திரும்பவும் இரத்தம் எடுத்து உடனேயே செய்து பார்த்தம். 5.1. ஐயாவுக்கு ஒரு பிரச்சினையும் இல்லை. ஒரு நாள் முழுக்கப் பட்டினி கிடந்ததுதான் மிச்சம். அவற்ற மகள் லாப் யன்னலடியில வந்து நின்று சத்தமே போடாமல், "அப்ப காலமை வந்தது யாற்ற ரத்தம் மிஸ்?" எண்டு கேட்டா. அதுக்கு என்னட்ட பதில் இருக்கேல்லை.

வாட்டில விசாரிச்சபோதுதான் விசயம் தெரிஞ்சது. காலமை இரத்தத்தை நைட் மிஸ்ஸி நாலு மணிக்கே எடுத்திருக்கிறா. எடுத்த ரியூப்களை மருந்து வைக்கிற பிரிட்ஜில பத்திரமா வைச்சிருக்கிறா. லாப்பில எட்டு மணிக்குப் பிறகுதான் அது சென்ட்ரிபியூஜுக்குள்ள போயிருக்கு. நாலு மணித்தியாலம்.

இரத்தம் எடுத்த பிறகும் ரியூப்புக்குள்ள செல்கள் உயிரோடதான் இருக்கும். பொட்டாசியம் பெரும்பாலும் சிவப்பணுக்களுக்குள்ளதான் இருக்கிறது. அதை உள்ளுக்கு வைச்சிருக்கிறது செல்லின் சுவரில இருக்கிற ஒரு பம்ப். குளிரில அந்தப் பம்ப் வேலை செய்யாது, அதால பொட்டாசியம் மெல்ல மெல்ல வெளியில கசியும். சாப்பாட்டுச் சாமானுக்குப் பிரிட்ஜ் பாதுகாப்பு. பிரிக்காத இரத்தத்துக்கு அது நேரெதிர். செல்கள் உடைஞ்சிருந்தால் சீரம் சிவப்பா இருக்கும், பார்த்த உடனே பிடிச்சிடலாம். இப்படிக் குளிரில கசிஞ்சது கண்ணுக்குத் தெரியாது. சீரம் தேன் நிறத்தில வடிவா இருக்கும், இலக்கம் மட்டும் பிழையா இருக்கும்.

வெளியில வைச்சிருந்தால் சரியா எண்டு கேட்பீங்கள். அறை வெப்பநிலையில செல்கள் சீனியைச் சாப்பிட்டுக்கொண்டிருக்கும். சாதாரண ரியூப்பில பிரிக்காமல் விட்டால் மணித்தியாலத்துக்கு 5 இலிருந்து 7 வீதம் வரைக்கும் குளுக்கோஸ் குறையும். பாஸ்டிங் சீனி 126 தாண்டினால் நீரிழிவு எண்டு சந்தேகிக்கிறது. 135 இருக்கிற ஒராளின்ர இரத்தம் இரண்டரை மணித்தியாலம் மேசையில கிடந்தால் 126க்குக் கீழ வந்திடும். "உங்களுக்குச் சீனி இல்லை" எண்டு சந்தோசமா வீட்ட போயிடுவார்.

நான் மிஸ்ஸியிட்டக் கோபமாத்தான் போனேன். "ஏன் மிஸ்ஸி நாலு மணிக்கே எடுத்தனீங்கள்?"

"ஒன்பதே முக்காலுக்குத்தானே நீங்கள் ரிப்போட் தாறியள். எட்டரைக்கு சேர் வாட் ரவுண்ட் வந்து நிண்டு கத்துறார். வெள்ளன எடுத்தாலாவது வெள்ளன தருவியள் எண்டு பாத்தன். உங்கட நைட் ஆள் காலமை கொண்டுவாங்கோ எண்டு சொன்னார், அதுதான் பிரிட்ஜில வைச்சன்."

அவ சொன்னதில ஒரு பிழையும் இல்லை. பிழை பிரிட்ஜ் கதவில ஒட்டியிருந்த தாளில இருந்தது.

அந்தத் தாளின்படி நைட் ஆள் பின்னேரம் ஏழிலிருந்து காலமை ஏழு வரைக்கும் தனிய. அவசரக் கேஸ்களுக்கு மட்டும்தான் அவர். மற்ற எல்லாரும் ஏழு மணிக்கு வருவம். அது யாரும் யோசிச்சுப் போட்ட நேரமில்லை; கந்தோருக்கு எட்டு மணி மாதிரி, ஆஸ்பத்திரிக்கு ஏழு மணி எண்டு ஆரோ எப்பவோ எழுதினது. நான் ஒரு கொப்பியை எடுத்து அதைத் தலைகீழாக் கணக்குப் பார்த்தேன். வேலை தொடங்குகிற நேரத்திலயிருந்து முன்னுக்குப் போகாமல், ரிப்போட் கையில இருக்கவேண்டிய நேரத்திலயிருந்து பின்னுக்கு வந்தேன்.

எட்டரைக்கு வாட் ரவுண்ட். ரிப்போட் 8.15க்கு வாட்டில இருக்கவேணும். முடிவுகளைச் சரிபார்த்து, கையெழுத்து வைச்சு, கொண்டுபோய்க் குடுக்கக் கால் மணித்தியாலம். அப்ப மெஷின் எட்டு மணிக்கு முடிக்கவேணும். வாட்டில இருந்து காலமை வாறது ஏறக்குறைய 40 பேரின்ர இரத்தம், ஒராளுக்குச் சராசரி ஆறு பரிசோதனை பிடிச்சால் 240. எங்கட மெஷின் நடைமுறையில மணித்தியாலத்துக்கு 160 செய்யும். அப்ப ஒன்றரை மணித்தியாலம். மெஷின் 6.30க்கு ஓடத் தொடங்கவேணும். அதுக்கு முதல் சென்ட்ரிபியூஜில பத்து நிமிசம், எடுத்து அடுக்க ஐந்து நிமிசம்: 6.15. அதுக்கு முதல் இரத்தம் உறையிறதுக்கு அரை மணித்தியாலம்: 5.45. அதாவது முதல் தொகுதி இரத்தம் 5.45க்குள்ள எடுத்து முடிஞ்சிருக்கவேணும்.

இதுக்கிடையில மெஷினும் தயாரா இருக்கவேணும். காலமை அதைக் கழுவி, கொன்ட்ரோல் ஓடவிட்டு, இலக்கம் சரியா வருதா எண்டு பார்க்காமல் ஒரு நோயாளியின் இரத்தத்தையும் வைக்கக்கூடாது. கொன்ட்ரோல் எண்டது ஏற்கனவே அளவு தெரிஞ்ச சீரம். பிரிட்ஜில இருந்து எடுத்து அறைச் சூட்டுக்கு வர அரை மணித்தியாலம், ஓடக் கால் மணித்தியாலம். பிழைச்சால் கலிபிரேஷன் செய்ய இன்னும் அரை மணித்தியாலம்.

நாங்கள் ஏழு மணிக்கு வந்து, நைட் ஆளிட்டப் பாரம் எடுத்து, கொன்ட்ரோல் முடிக்க எட்டு மணி. அதிலயிருந்து ஒன்றரை மணித்தியாலம், பிறகு கையெழுத்து. 9.45. மிஸ்ஸி சொன்ன அதே நேரம். நாங்கள் பறந்து பறந்து வேலை செய்தாலும் அதைவிட வெள்ளன குடுக்க வழியே இல்லை. வருசக்கணக்கா "லாப் ஸ்லோ" எண்டு பேச்சு வாங்கினது எங்கட கையின் வேகத்துக்கில்லை, ஏழு எண்ட அந்த இலக்கத்துக்கு.

அவசரப்பட்டால் என்ன நடக்கும் எண்டதும் எங்களுக்குத் தெரியும். ஒருநாள் டொக்டர் போன் மேல போன் அடிக்க, அரை மணித்தியாலம் உறைய விடாமல் பத்து நிமிசத்திலயே ரியூப்களைச் சுத்தினம். முழுசா உறையாத இரத்தத்தின் சீரத்தில பிறகும் நூல் நூலா ஃபைப்ரின் உருவாகும். அது போய் மெஷினின் ஊசியை அடைச்சது. மெஷினை நிற்பாட்டி, ஊசியைக் கழுவி, திரும்பவும் கொன்ட்ரோல் போட்டு... இருபது நிமிசம் மிச்சம் பிடிக்கப்போய் ஒரு மணித்தியாலம் போனது. உறையிறதுக்கான அந்த அரை மணித்தியாலத்தை யாராலும் குறைக்க ஏலாது. ஆள் எப்ப வாறது எண்டதை மட்டும்தான் மாத்தலாம்.

கொப்பியோட கூட்டத்துக்குப் போனேன். "ஒராள் ஐந்தரைக்கு வந்தால் சரி" எண்டு சொல்லி முடிக்கேல்லை, சீனியர் அக்கா கேட்டா: "ஐந்தரைக்கு யார் வாறது? நான் பருத்தித்துறையிலயிருந்து எத்தினை மணிக்கு வெளிக்கிட வேணும் எண்டு உன்ர கொப்பியில கணக்கிருக்கா?"

இருக்கேல்லை. அந்த நேரத்துக்கு அவவுக்கு பஸ் இல்லை. இருட்டுக்குள்ள ஸ்கூட்டியில வாறதை வீட்டில விடமாட்டினம், விட்டாலும் நாங்கள் கேட்கக்கூடாது. இன்னொரு அக்காவுக்குப் பள்ளிக்கூடம் போற பிள்ளை. ஆறு பேரில டவுனுக்குக் கிட்ட இருக்கிறது நானும் இன்னொரு பொடியனும்தான். அப்ப எப்பவும் நாங்கள் இரண்டு பேருமா? கிட்ட இருக்கிறது என்ன குற்றமா எண்டு அவன் கேட்டான். அதுவும் சரிதான்.

முதல்ல வந்த யோசனை, எல்லாத்தையும் நைட் அண்ணாவின் தலையில போடுறது. அவர் எப்படியும் முழிச்சிருக்கிறார்தானே, நாலரைக்குத் தொடங்கட்டும். ஒரு கிழமை அப்படிச் செய்து பார்த்தம். மூன்றாம் நாள் விடிய ஐந்து மணிக்கு நெஞ்சு நோவோட ஒராள் வந்தார். ட்ரோபொனின் செய்யவேணும், அதை விட்டிட்டு வாட் ரியூப்களுக்கு லேபல் ஒட்ட ஏலாது. வாட் வேலை முழுக்க அப்படியே நிண்டது. பத்து மணித்தியாலம் முழிச்சிருந்த ஒராளிட்ட, தனிய, 40 ரியூப்பைக் குடுக்கிறது ஆபத்து எண்டதும் விளங்கினது. பெயர் மாறி ஒட்டின லேபலை எந்த மெஷினும் கண்டுபிடிக்காது.

பிறகு வேலையைத் துண்டு துண்டாப் பிரிச்சம். நைட் அண்ணா ஐந்து மணிக்குக் கொன்ட்ரோலை வெளியில எடுத்து வைச்சு, மெஷினைக் கழுவ விடுறது மட்டும். அது இரண்டு நிமிச வேலை, அவசரக் கேஸ் வந்தாலும் செய்யலாம். 5.30க்கு ஒராள் வந்து கொன்ட்ரோல் ஓடவிடுவார். 5.45க்கு அது முடியும், பிழைச்சாலும் 6.15க்குள்ள கலிபிரேஷன் முடிக்கலாம். நைட் அண்ணா ஏழு மணிக்குப் போகும் வரைக்கும் இரண்டு பேர். அடுத்த ஆள் 6.30க்கு, அதுதான் வெளி நோயாளர் பாஸ்டிங் இரத்தம் குடுக்க வரிசையில நிற்கத் தொடங்குகிற நேரம். இன்னொராள் 7.30க்கு. ஒராள் மத்தியானம் 12க்கு வந்து எட்டு வரைக்கும். ஒராள் லீவு.

ஐந்தரை டியூட்டியை நானும் பொடியனும் கிழமை மாறி எடுத்தம். ஆஸ்பத்திரி ஓட்டோக் காசு குடுக்கவேணும் எண்டு எழுதிக் கேட்டு வாங்கினம். 1.30க்கு வீட்ட போகலாம், அந்தக் கிழமை நைட் இல்லை. பருத்தித்துறை அக்கா 7.30 டியூட்டியை எடுத்தா, பதிலுக்கு எங்கட ஞாயிற்றுக்கிழமைகளில ஒன்றை ஒவ்வொரு மாதமும் தான் செய்யிறன் எண்டா. பிள்ளை இருக்கிற அக்கா 6.30 ஏலாது, 12 மணி டியூட்டி கூடுதலா எடுக்கிறன் எண்டா. நான் தனிய இருந்து எழுதியிருந்தால் இந்த மாற்றுகள் ஒன்றும் வந்திராது.

வாட்டோட கதைச்சதும் முக்கியம். எல்லா வாட்டும் ஒரே நேரத்தில எடுத்து அனுப்பினால் எங்களுக்கு ஏலாது. எங்கட சென்ட்ரிபியூஜில 24 ரியூப்தான் பிடிக்கும். அதால முதல் இரண்டு வாட் 5.15இலிருந்து 5.45 வரைக்கும், மற்ற இரண்டு வாட் அதுக்குப் பிறகு. எடுத்த உடனே கீழ அனுப்பவேணும், பிரிட்ஜ் வேண்டாம், எடுத்த நேரத்தை ரியூப்பில எழுதவேணும். மிஸ்ஸி சிரிச்சா. "அப்ப நான் இன்னும் ஒரு மணித்தியாலம் கழிச்சு எடுக்கலாம். நோயாளியளும் நித்திரை கொள்ளுவினம். இதை முதல்லயே சொல்லியிருக்கலாமே?"

அப்படியும் முதல் கிழமை ரிப்போட் 8.15க்குப் போகேல்லை. மெஷின் எட்டுக்கு முதலே முடிச்சிட்டுது, தாள்கள் மேசையில கிடந்தது. ஏன் தெரியுமோ? கையெழுத்து வைக்கிற உரிமை இரண்டு சீனியர் ஆக்களுக்குத்தான். அவையள் வாறது 7.30க்குப் பிறகு, வந்த உடனே வேற வேலை. இந்தக் காத்திருப்பு என்ர கொப்பிக் கணக்கில இருக்கேல்லை. இரண்டு கிழமை ஒவ்வொரு ரியூப்புக்கும் நாலு நேரம் எழுதினபடியாத்தான் பிடிபட்டது: எடுத்த நேரம், லாப்புக்கு வந்த நேரம், முடிவு வந்த நேரம், வெளியில போன நேரம். பொறுப்பாளரோட கதைச்சு, வழமையான எல்லைக்குள்ள இருக்கிற முடிவுகளுக்கு ஐந்தரை ஆள் கையெழுத்து வைக்கலாம் எண்டு எழுத்தில வாங்கினம். எல்லைக்கு வெளியில இருக்கிறதைச் சீனியர் பார்ப்பா. ஆபத்தான இலக்கம் எண்டால் தாளுக்காகக் காத்திருக்கிறதில்லை. உடனே வாட்டுக்குப் போன், எடுத்தவரின் பெயரை எழுதிவைக்கிறது.

வெளி நோயாளர் விசயத்தில எங்கட பிழை வேற மாதிரி. காலமை ஆறரைக்கு வந்தவருக்கும் பத்தரைக்கு வந்தவருக்கும் "மூண்டு மணிக்கு வாங்கோ" எண்டு ஒரே பதில். அப்ப 2.30க்கு எல்லாரும் ஒன்றா வந்து நிற்பினம், நாலு மணிக்கு டொக்டரைச் சனல் பண்ணியிருப்பினம், தீவுப் பக்கத்து ஆக்களுக்கு பஸ் பிடிக்கவேணும். மத்தியானம் லாப்பில நிற்கிறதோ இரண்டு பேர். இப்ப ரிப்போட் நேரத்தை இரத்தம் எடுத்த நேரத்தோட கட்டினம். 8.30க்கு முதல் எடுத்தால் 12 மணி, 10.30க்கு முதல் எடுத்தால் 2 மணி, அதுக்குப் பிறகு எண்டால் 5 மணி. சாப்பிட்டு இரண்டு மணித்தியாலத்தால சீனி பார்க்கிறவைக்கு இரண்டாவது இரத்தம் எடுத்த நேரம்தான் கணக்கு. பில்லிலயே அந்த நேரத்தை எழுதிக் குடுக்கிறம். காலமை ஆளும் மத்தியான ஆளும் சந்திக்கிற 12இலிருந்து 1.30 வரைக்கும் கைகள் கூட. பெரிய தொகுதி அதைச் சுத்தித்தான் வெளியில போகும்.

இரண்டாவது தடவை இரண்டு கிழமை நேரம் எழுதிப் பார்த்தம். 14 நாளில 11 நாள் 8.15க்கு ரிப்போட் வாட்டில. பிழைச்ச மூன்று நாளில ஒன்று கலிபிரேஷன் இரண்டு தரம் செய்யவேண்டி வந்தது. ஒன்று கரண்ட் போய் ஜெனரேட்டர் வாறதுக்கிடையில மெஷின் நிண்டது. மூன்றாவது நாள் பொடியனுக்குக் காய்ச்சல். விடிய நாலரைக்குப் போன் பண்ணி வர ஏலாது எண்டால், அந்த நேரத்தில யாரைக் கூப்பிடுறது? இதுக்கு இன்னும் சரியான பதில் இல்லை. மாரிகாலத்தில டெங்கு வந்தால் வேற கதை. பிளேட்லெட் பார்க்க ஒரே ஆளுக்கே ஒரு நாளைக்குப் பல தடவை இரத்தம் வரும், நைட் அண்ணாவுக்கு இரண்டு நிமிசம்கூட இருக்காது. அந்த மாதங்களுக்கு இரவில இரண்டாவது ஆள் வேணும் எண்டு எழுதிக் குடுத்திருக்கிறம். பதில் வரேல்லை.

அந்த ஐயாவுக்கு இரண்டு நாள் கழிச்சு ஒப்பரேஷன் நடந்தது. போகும்போது மகள் யன்னலடியில வந்து ரிப்போட்களை வாங்கினா. அவ முதல் கேட்ட கேள்விக்கு அப்ப எனக்குப் பதில் தெரியும். "உங்கட அப்பான்ர ரத்தம்தான் அக்கா. ஆனால் நாலு மணித்தியாலம் குளிரில இருந்த ரத்தம்" எண்டேன். ஏன் இருந்தது எண்டும் சொன்னேன். ஒன்றும் சொல்லாமல் கேட்டுக்கொண்டிருந்தா. பிறகு, "அப்ப காலமை ஒராள் வந்திருந்தால் போதுமே?" எண்டா.

ஓம். ஒராள்.

நாளைக்கு என்ர கிழமை தொடங்குது. அலாரம் 4.40க்கு வைச்சிருக்கிறன். பிரிட்ஜ் கதவில தாள் மாறியிருக்கு, ஆனால் இன்னும் பென்சிலாலதான் எழுதுறன்.